இரண்டு கோடுகள், நான்கு மணி நேரம்

பிரசவ அறையில் பயன்படும் பார்ட்டோகிராஃப் தாளில் எதையும் நிரப்பும் முன்பே இரண்டு சாய்கோடுகள் அச்சாகி இருக்கும். இடப்பக்கம் இருப்பது எச்சரிக்கைக் கோடு, வலப்பக்கம் இருப்பது நடவடிக்கைக் கோடு. செவிலியர் போடுவது பெருக்கல் குறிகளை மட்டுமே. கோடுகளை வேறு யாரோ, வேறு ஏதோ ஊரில், ஒரு தேவைக்காக வரைந்து வைத்துவிட்டார்கள். முதல் கோடு ஏன் அந்தச் சாய்வில் போகிறது, இரண்டாவது கோடு ஏன் சரியாக நான்கு மணி நேரம் தள்ளி நிற்கிறது என்று மிட்வைஃபரி மாணவியர் கேட்பது குறைவு. தேர்வில் "எச்சரிக்கைக் கோட்டுக்கு வலப்புறம் நான்கு மணி நேரம்" என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்த நான்கு மணி நேரம் எதற்காக என்பது புரிந்தால்தான் தாளைப் படிக்க வரும். இந்தச் சொற்பொழிவு அந்த இடைவெளியைப் பற்றியது.

கருப்பை வாய் விரிவதை நேரத்துக்கு எதிராக வரைபடமாக்கும் எண்ணம் 1954இல் நியூயார்க்கில் பிறந்தது. எமானுவேல் ஃபிரீட்மன் என்ற இளம் மகப்பேறு மருத்துவர், வலியில் இருந்த தாய்மார்களை அடிக்கடி பரிசோதித்து, சென்டிமீட்டரை நிமிர்ந்த அச்சிலும் மணியைக் கிடைமட்ட அச்சிலும் குறித்துப் பார்த்தார். நீட்டி இழுத்த ஆங்கில 'எஸ்' எழுத்து போன்ற வளைவு கிடைத்தது. முதலில் நெடுநேரம் ஏறக்குறைய தட்டையாகப் போகும் மந்தமான கட்டம். பிறகு விறுவிறுவென்று ஏறும் தீவிரக் கட்டம். இந்தப் பிரிவினைதான் இன்றுவரை பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஃபிரீட்மனின் வளைவு பிரசவம் எப்படிப் போகிறது என்று விவரித்தது. எப்போது, யார், என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லவில்லை. நியூயார்க்கில் அந்தக் கேள்விக்கு அவசரமும் இல்லை, மருத்துவர் அடுத்த அறையில் இருந்தார்.

ரொடீசியாவில் நிலைமை வேறு. இன்று ஹராரே எனப்படும் சாலிஸ்பரி நகரத்தைச் சுற்றி மிட்வைஃப்கள் மட்டுமே நடத்திய பிரசவ மையங்கள் இருந்தன. அறுவைச் சிகிச்சை வேண்டுமென்றால் மைய மருத்துவமனைக்குத்தான் கொண்டுவர வேண்டும். இடுப்பெலும்பு குறுகலாக இருந்து, குழந்தையின் தலை இறங்காமல், அடைபட்ட பிரசவமாகி, நேரம் கடந்து வந்து சேரும் முதல் பிரசவப் பெண்கள் அங்கே அதிகம். ஆர்.எச். ஃபில்பாட், டபிள்யூ.எம். காஸில் என்ற இருவர் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தார்கள். முதல் பிரசவக்காரர்களில் மிக மெதுவாக விரிந்த பத்து சதவீதத்தினரின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் வந்தது. அந்த வேகத்தில் ஒரு நேர்க்கோடு போட்டார்கள். எச்சரிக்கைக் கோடு அதுதான். அந்தக் கோடு சராசரிப் பெண்ணின் கோடு அல்ல, மெதுவான பெண்ணின் கோடு. அதையும் விட மெதுவாகப் போகிறவரை மையத்திலேயே வைத்துக்கொண்டிருக்காமல் வண்டி ஏற்று என்பது அதன் பொருள்.

வண்டி வந்து, ஏற்றி, மருத்துவமனை சேர்ந்து, அங்கே ஒரு மருத்துவர் பார்த்து முடிவெடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதற்கென்று ஒதுக்கியதுதான் நான்கு மணி நேரம். அந்த நேரம் முடியும் இடத்தில் இரண்டாவது கோடு. 1972இல் வெளியான அவர்களது இரு கட்டுரைகளில் 624 முதல் பிரசவங்கள் பதிவாகியிருந்தன. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டினார்கள். அப்படித் தாண்டியவர்களில் பாதிப்பேர் அளவில்தான் நடவடிக்கைக் கோட்டையும் எட்டினார்கள். மீதிப்பேருக்கு இடைவெளியிலேயே வேலை முடிந்துவிட்டது.

ஆக, முதல் கோடு உடலின் வேகத்தைப் பார்த்துப் போட்டது. இரண்டாவது கோடு சாலையின் தூரத்தைப் பார்த்துப் போட்டது. இரண்டும் ஒரே தாளில், ஒரே சாய்வில் இருப்பதால் ஒரே வகைக் கோடுகள் என்று தோன்றிவிடுகிறது. பிழைகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

இனி தாள். உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதல் பார்ட்டோகிராஃபில் மந்தக் கட்டத்துக்கும் எட்டு மணி நேர இடம் இருந்தது. அதனால் வந்த குழப்பம் கொஞ்சமல்ல. இன்னும் வலியே சரியாகத் தொடங்காத பெண்களுக்குக்கூட "தாமதம்" என்று முத்திரை விழுந்தது, சிகிச்சையும் தொடங்கியது. 2000இல் வந்த திருத்திய வடிவத்தில் மந்தக் கட்டம் நீக்கப்பட்டு, வரைபடம் நான்கு சென்டிமீட்டரில் தொடங்கியது. இந்தியாவில் பிரசவம் பார்க்கும் செவிலியர்களுக்கான அரசுப் பயிற்சியில் கற்பிக்கப்படும் எளிமையாக்கிய தாளும் இதே வழியில்தான் வந்தது. நான்கு சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அந்த வரைபடத்தில் குறியே போடக் கூடாது. இரத்தப்போக்கு, கடும் இரத்த அழுத்தம், குழந்தை குறுக்காகக் கிடப்பது போன்றவற்றில் தாளைத் தொடங்குவதே தவறு. அவர்களை உடனே அனுப்ப வேண்டும், நான்கு மணி நேரம் கவனித்துப் பார்க்க வேண்டியதில்லை.

முதல் குறியில்தான் பாதி மாணவியர் தடுமாறுகிறார்கள். ஒரு பெண் ஆறு சென்டிமீட்டர் விரிவோடு வந்து சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கல் குறியை எங்கே போடுவது? தாளின் இடது ஓரத்தில், பூஜ்ய மணியில், ஆறுக்கு நேராகப் போடுகிறவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் அவருக்கு இரண்டு மணி நேரம் இனாமாகக் கிடைத்துவிடும். அதன்பின் அவர் எவ்வளவு தேங்கினாலும் கோட்டைத் தொட நேரமாகும். சரியான இடம் எச்சரிக்கைக் கோட்டின் மேலேயே, அந்தக் கோடு ஆறு சென்டிமீட்டரைத் தொடும் கட்டத்தில். குறியை அங்கே போட்டு, அதற்கு நேர் கீழே கடிகார நேரத்தை எழுத வேண்டும். அங்கிருந்து ஒவ்வொரு கட்டமும் ஒரு மணி. அடுத்த பரிசோதனை எத்தனை மணி நேரம் கழித்து நடக்கிறதோ அத்தனை கட்டம் தள்ளிக் குறி விழ வேண்டும். அடுத்த பரிசோதனை என்றாலே அடுத்த கட்டம் என்று நினைத்துப் போட்டால், நான்கு மணி நேரத்தில் நடந்த விரிவு ஒரு மணியில் நடந்ததுபோல் கோடு செங்குத்தாக எழும்பி நிற்கும். பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

ஓர் உதாரணத்தைக் கட்டத்துக்குக் கட்டம் பார்க்கலாம். பாடத்துக்காக அமைத்துக்கொண்ட உதாரணம் இது. மலையடிவாரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். முறை வைத்து ஸ்டாஃப் நர்ஸ்கள் பணியில் இருக்கிறார்கள். அறுவைச் சிகிச்சை வசதியுள்ள சீமாங்க் மையத்துக்கு 108 வண்டி வந்து சேர அரை மணி, பயணம் ஒரு மணி. காலை ஆறு மணிக்கு, 39 வாரம் முடிந்த, முதல் பிரசவத்துக்கான பெண் வருகிறார். கருப்பை வாய் மூன்று சென்டிமீட்டர். பத்து நிமிடத்தில் இரண்டு வலி. தாளில் குறி கிடையாது. நடக்கச் சொல்லி, குடிக்கக் கொடுத்து, கூட வந்த அம்மாவையும் பக்கத்தில் இருக்க வைத்து, வலியையும் குழந்தையின் இதயத்துடிப்பையும் சாதாரணக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால் போதும்.

பத்து மணிக்கு மறுபடி பரிசோதனை. நான்கு சென்டிமீட்டர். பத்து நிமிடத்தில் மூன்று வலி, ஒவ்வொன்றும் முப்பது வினாடி. வயிற்றில் கைவைத்துப் பார்த்தால் தலையில் ஐந்தில் நான்கு பங்கு இடுப்பெலும்புக்கு மேலே. பனிக்குடம் உடையவில்லை. இப்போது எச்சரிக்கைக் கோடு தொடங்கும் இடத்திலேயே முதல் பெருக்கல் குறி, கீழே "காலை 10" என்ற நேரம்.

இரண்டு மணிக்கு வயிற்றையும் உள்ளேயும் பார்க்கிறார்கள். ஆறு சென்டிமீட்டர். வலி அதே மூன்று, முப்பத்தைந்து வினாடி. தலை ஐந்தில் மூன்று. ஒரு மணிக்குப் பனிக்குடம் தானாக உடைந்திருக்கிறது, நீர் தெளிவாக இருக்கிறது. குழந்தையின் இதயத்துடிப்பு 140. அம்மாவின் நாடி, இரத்த அழுத்தம், வெப்பநிலை எல்லாம் சீர். எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது, ஒன்றைத் தவிர. எச்சரிக்கைக் கோடு இந்நேரம் எட்டு சென்டிமீட்டரில் இருக்கிறது. குறி கோட்டுக்கு வலப்புறம் விழுந்துவிட்டது.

"இரண்டு சென்டிமீட்டர் குறைவு" என்று மேலிருந்து கீழாகப் படிப்பது எல்லாரும் செய்வது. அதைவிட இடமிருந்து வலமாகப் படிப்பது பயன் தரும். ஆறு சென்டிமீட்டர் வரிசையில் விரலை வைத்துப் போனால், எச்சரிக்கைக் கோடு அந்த வரிசையைப் பன்னிரண்டு மணியில் வெட்டுகிறது. நடவடிக்கைக் கோடு நாலு மணியில் வெட்டுகிறது. இப்போது மணி இரண்டு. அதாவது ஃபில்பாட் கொடுத்த நான்கு மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் செலவாகிவிட்டது. விரிவு இங்கேயே நின்றுபோனால் மீதமிருப்பது இரண்டு மணி நேரம். இதே மெதுவான வேகத்தில், மணிக்கு அரை சென்டிமீட்டராகப் போனால், எட்டு சென்டிமீட்டரில், மாலை ஆறு மணிக்கு நடவடிக்கைக் கோட்டைத் தொடுவார். கையில் இருப்பது இரண்டிலிருந்து நான்கு மணி நேரம், பயணத்துக்கு வேண்டியது ஒன்றரை. கணக்கு முடிந்தது. 108ஐ அழைக்க வேண்டிய நேரம் இரண்டே காலுக்குள். இன்னொரு பரிசோதனை செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று ஆறு மணி வரை காத்திருந்தால், நல்லபடியாகப் போயிருந்தால்கூட அவர் கோட்டின் மேலேயே நிற்பார், இருப்பதோ சுகாதார நிலையத்தில். நடவடிக்கைக் கோட்டைத் தொடும்போது பெண் நடவடிக்கை எடுக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். அந்தக் கோட்டைப் பார்த்து வண்டி அழைப்பது அந்தக் கோட்டையே அர்த்தமில்லாமல் ஆக்கிவிடும்.

வண்டி வரும் வரை சிறுநீர் கழிக்கச் சொல்ல வேண்டும். நிரம்பிய மூத்திரப்பையே தலை இறங்காததற்குக் காரணமாக இருப்பதுண்டு. இடது பக்கம் சாய்ந்து படுக்கவோ, உட்கார்ந்திருக்கவோ விடலாம். வலியைக் கூட்ட ஆக்ஸிடோசின் மட்டும் அங்கே போடக் கூடாது. அறுவைச் சிகிச்சை வசதி இல்லாத இடத்தில், தலை ஏன் இறங்கவில்லை என்று தெரியாமல் கருப்பையை முடுக்கிவிட்டால், அது கிழிந்துபோகும் அபாயத்தை வழியிலேயே சந்திக்க நேரும். பார்ட்டோகிராஃப் தாள் பெண்ணோடு வண்டியில் போக வேண்டும். "வலி முன்னேற்றமில்லை, மேல் சிகிச்சைக்கு" என்று ஒற்றை வரியில் எழுதி அனுப்பினால் அங்குள்ள மருத்துவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். தாள் கூடப் போனால் காலை பத்து மணி முதலே அவர் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி.

உதாரணத்தின் மீதிப் பகுதி இப்படிப் போகட்டும். மூன்றே முக்காலுக்கு வண்டி மருத்துவமனை சேர்கிறது. நாலு மணிக்குப் பரிசோதனை. ஏழு சென்டிமீட்டர். குழந்தையின் முகம் முன்பக்கம் பார்த்திருக்கிறது, முதுகோடு முதுகு ஒட்டிய நிலை. இடுப்பெலும்பு போதுமானது என்று மருத்துவர் கணித்து, நாலரைக்கு ஆக்ஸிடோசின் சொட்டு ஏற்றுகிறார். வலி பத்து நிமிடத்தில் நான்காகி, நாற்பத்தைந்து வினாடி நீடிக்கிறது. ஆறரைக்கு ஒன்பது சென்டிமீட்டர், குழந்தை திரும்பியிருக்கிறது. எட்டு மணி சுமாருக்குப் பிரசவம். பெருக்கல் குறிகளை இணைத்துப் பார்த்தால் கோடு நடவடிக்கைக் கோட்டின் அருகே வந்து, தொடாமலே மேலேறிப் போயிருக்கும்.

வேறு மாதிரியும் போயிருக்கலாம். நாலு மணிக்கு அதே ஆறு சென்டிமீட்டர், தலை அதே ஐந்தில் மூன்று, மண்டை எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, விரலால் அழுத்தினாலும் பிரியாத மோல்டிங் என்றால் ஆக்ஸிடோசினுக்கு இடமில்லை, அறுவை அரங்கைத் தயார் செய்ய வேண்டும். இரண்டு கதைகளிலும் செவிலியர் செய்யும் வேலை ஒன்றே, இரண்டே காலுக்கு வண்டியை அழைப்பது. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் அனுப்புவேன் என்று அவர் காத்திருக்கத் தேவையில்லை. எச்சரிக்கைக் கோடு நோயின் பெயரைச் சொல்வதில்லை.

இந்தத் தாளில் ஓர் ஓட்டை இருக்கிறது. பாடம் நடத்துகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவதுண்டு. உள்பரிசோதனை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. இரண்டு கோடுகளுக்கு நடுவேயும் நான்கு மணி நேரம். பத்து மணிக்கு நான்கு சென்டிமீட்டரில் இருந்த பெண்ணின் கருப்பை வாய் கொஞ்சமும் நகரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணிப் பரிசோதனையில் குறி எங்கே விழும்? நேராக நடவடிக்கைக் கோட்டின் மேலேயே. எச்சரிக்கை என்ற கட்டமே அவருக்குக் கிடைக்கவில்லை. மிக ஆபத்தான தேக்கத்தைத் தாள் மிகத் தாமதமாகக் காட்டுகிறது.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் தாளின் மற்றப் பகுதிகள் அரை மணிக்கு ஒருமுறை நிரம்புகின்றன. வலிக்கான கட்டங்களில் பத்து நிமிடத்தில் எத்தனை வலியோ அத்தனை கட்டம் நிழலிட வேண்டும். இருபது வினாடிக்குள் என்றால் புள்ளிகள், இருபதிலிருந்து நாற்பது வரை சாய்கோடுகள், அதற்கு மேல் முழுக்கறுப்பு. பதினொன்றரைக்கு மூன்று கட்டம் சாய்கோடாக இருந்தது பன்னிரண்டரைக்கு இரண்டு கட்டம் புள்ளியாகிவிட்டால், இரண்டு மணி வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. பரிசோதனையை முன்கூட்டியே செய்யலாம். கையை வயிற்றின் மேல் வைத்துப் பத்து நிமிடம் உட்கார்ந்தால்தான் இது தெரியும். "வலி எப்படிம்மா இருக்கு?" என்று வாசலில் நின்று கேட்டால் தெரியாது.

தலை இறங்குவதும் அப்படித்தான். எளிமையாக்கிய தாளில் இதற்குத் தனி இடம் இல்லை. ஆனால் வயிற்றுப் பரிசோதனை ஒவ்வொரு உள்பரிசோதனைக்கும் முன்னால் நடக்க வேண்டும், முன்னால் என்பது முக்கியம். நெடுநேர வலியில் குழந்தையின் உச்சந்தலைத் தோலில் நீர் கோத்து வீங்கும். கேப்புட் என்று பிரசவ அறையில் சொல்வது இதைத்தான். உள்ளே விரல் வைக்கிறவருக்கு அந்த வீக்கம் கீழே தட்டுப்படும். "தலை நல்லா இறங்கிடுச்சு" என்று தோன்றும். வெளியே வயிற்றில் தொட்டால் அதே ஐந்தில் மூன்று மேலேயே நிற்கும். இறங்கியது வீக்கம், தலை அல்ல. இப்படி வயிறும் விரலும் முரண்பட்டால் வயிற்றை நம்புவது பாதுகாப்பு.

இதயத்துடிப்பும் அரை மணிக்கு ஒருமுறை, வலி முடிந்தவுடன் கேட்க வேண்டும். இன்றைய வழிகாட்டுதல்கள் 110 முதல் 160 வரை இயல்பு என்கின்றன, பழைய தாள்களில் கீழ் வரம்பு 120 என்று அச்சிட்டிருக்கும். பனிநீரில் குழந்தையின் மலம் கலந்து பச்சை நிறம் வந்தாலோ, துடிப்பு வரம்பைத் தாண்டி நின்றாலோ, பெருக்கல் குறி எச்சரிக்கைக் கோட்டின் இடப்புறம் அருமையாக ஏறிக்கொண்டிருந்தாலும் அதற்கு மதிப்பில்லை. கோடு விரிவைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

பரிசோதிப்பவரின் விரலும் ஓர் அளவுகோல்தான், அதற்கும் பிழை உண்டு. ஒரு செவிலியர் ஐந்து என்பதை முறை மாறி வந்த இன்னொருவர் ஆறு என்று சொல்லக்கூடும். முடிந்தவரை ஒருவரே தொடர்ந்து பார்ப்பது நல்லது என்று சொல்வது அதனால்தான். ஆறு சென்டிமீட்டரில் இருந்தவர் அடுத்த பரிசோதனையில் ஐந்து என்று வந்தால், கருப்பை வாய் சுருங்கியதென்று பொருளில்லை, ஒருவர் தவறாகப் பார்த்திருக்கிறார். அதைச் சரிக்கட்டக் குறியை நகர்த்தி வைக்காமல் உள்ளபடி போட்டு, நேரத்தையும் பார்த்தவரின் முதலெழுத்தையும் எழுதிவைப்பதே முறை.

அதைவிடப் பெரிய பொய் ஒன்று உண்டு. அது எல்லா நாட்டுப் பிரசவ அறைகளிலும் தெரிந்த இரகசியம். பிரசவம் முடிந்த பிறகு, ஆய்வுக் குழு வரப்போகிறது என்பதற்காக, உட்கார்ந்து நிரப்பும் தாள். அதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. கோடு எச்சரிக்கைக் கோட்டோடு ஒட்டி உரசிக்கொண்டே பத்து வரை போகும். இதயத்துடிப்பு எட்டு மணி நேரமும் 140, 142, 140 என்று இருக்கும். எல்லா எழுத்தும் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில் இருக்கும். நிஜத் தாளில் மைநிறம் மாறும், ஓர் அரை மணி விட்டுப்போயிருக்கும், எங்காவது இரத்தக் கறை இருக்கும். ஒரே நேரத்தில் மூன்று பிரசவம் பார்க்கும் ஒற்றைச் செவிலியரிடம் அரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஒவ்வொருவர் வயிற்றிலும் கைவைக்கச் சொன்னால் நடக்காது. அந்தப் பழியை முழுவதும் அவர் தலையில் கட்டுவது நியாயமுமில்லை.

ஒழுங்காக நிரப்பி, அதோடு சேர்ந்த விதிகளையும் பின்பற்றினால் தாள் என்ன செய்யும் என்பதற்குப் பெரிய சான்று 1994இல் வெளியானது. உலக சுகாதார நிறுவனம் இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து ஆகிய நாடுகளின் எட்டு மருத்துவமனைகளில் 35,484 பிரசவங்களில் இதைச் சோதித்தது. பதினெட்டு மணி நேரத்தைத் தாண்டிய பிரசவங்கள் 6.4 சதவீதத்திலிருந்து 3.4 ஆகக் குறைந்தன. ஆச்சரியம் அடுத்த எண்ணில் இருக்கிறது. வலியைக் கூட்ட மருந்து ஏற்றுவது 20.7 சதவீதத்திலிருந்து 9.1 ஆனது. நீண்ட பிரசவம் குறைய வேண்டுமென்றால் மருந்து கூட வேண்டும் என்றுதானே தோன்றும்? நடந்தது தலைகீழ். நடவடிக்கைக் கோட்டை எட்டும் முன் கைவைக்காதே என்ற விதி, பொறுமையில்லாத கைகளைக் கட்டிப்போட்டது. நான்கு மணி நேர இடைவெளி ரொடீசியாவில் பயண நேரமாக இருந்தது, இங்கே மருத்துவமனைக்குள்ளேயே பொறுத்திருக்கும் நேரமாகிவிட்டது.

ஆனால் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவே பின்னாளில் கேள்விக்குள்ளானது. நைஜீரியா, உகாண்டா நாடுகளின் 13 மருத்துவமனைகளில் நடந்த உலக சுகாதார நிறுவன ஆய்வு, எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டுவதை வைத்து யாருக்கு மோசமான விளைவு வரும் என்று சரியாகக் கணிக்க முடிவதில்லை என்றது. ஆரோக்கியமான பல பெண்கள், குறிப்பாக ஐந்து சென்டிமீட்டருக்கு முன்னால், இதைவிட மெதுவாகவே விரிகிறார்கள், தாயும் சேயும் நலமாகவே இருக்கிறார்கள். 2018இல் நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றியது. தீவிரக் கட்டம் ஐந்து சென்டிமீட்டரிலிருந்து. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் வரவில்லை என்பதை மட்டும் காரணமாக வைத்து எதுவும் செய்ய வேண்டாம். 2020இல் வந்த புதிய பிரசவப் பராமரிப்புத் தாளில் சாய்கோடுகளே இல்லை. ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு கால வரம்பு இருக்கிறது. ஐந்தில் ஆறு மணி நேரம், ஆறில் ஐந்து, ஏழில் மூன்று, எட்டில் இரண்டரை, ஒன்பதில் இரண்டு. அதற்குள் அடுத்த சென்டிமீட்டருக்குப் போகவில்லை என்றால் எச்சரிக்கை.

மேலே பார்த்த பெண்ணை இந்தப் புதிய தாளில் வைத்துப் பார்த்தால் வேறு கதை வருகிறது. காலை பத்து மணிக்கு நான்கு சென்டிமீட்டர் என்பதால் தாளே தொடங்காது. இரண்டு மணிக்கு ஆறு சென்டிமீட்டரில்தான் முதல் குறி. அவர் மணிக்கு அரை சென்டிமீட்டராகவே போனால் ஏழு, எட்டு என்று ஒவ்வொரு வரம்புக்குள்ளும் நகர்ந்துவிடுவார். இரவு பத்து மணிக்கு ஒன்பதிலிருந்து பத்துக்குப் போகும் இடத்தில்தான் வரம்பை முதல்முறையாகத் தொடுவார். வண்டியும் வேண்டாம், ஆக்ஸிடோசினும் வேண்டாம், சொந்த ஊர் சுகாதார நிலையத்திலேயே பிரசவம் முடிந்திருக்கலாம். வீணாக அனுப்பப்படும் பெண்களைப் புதிய தாள் குறைக்கும் என்பதில் ஐயமில்லை.

அதன் மறுபக்கமும் அதே கணக்கிலேயே இருக்கிறது. அவர் நாலு மணிக்கு ஏழு சென்டிமீட்டருக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டால், புதிய தாளில் எச்சரிக்கை ஏழு மணிக்கு. மருத்துவமனை சேரும்போது எட்டரை. புதிய தாள் பெண்ணின் உடலை இன்னும் துல்லியமாக அறிந்திருக்கிறது, ஆனால் 108 வரும் அரை மணியும் மலைச்சாலையின் ஒரு மணியும் அதன் எந்தக் கட்டத்திலும் இல்லை. ஃபில்பாட்டின் தாளில் அந்தத் தூரம் அச்சிலேயே இருந்தது. இப்போது அதைச் செவிலியர் தனியாகக் கணக்கிட வேண்டும். வரம்பு ஏழு மணி என்றால், சீமாங்க் மையத்தின் பணி மருத்துவருக்கு ஐந்தரைக்கே தொலைபேசியில் நிலையைச் சொல்லி, வண்டியை அனுப்பச் சொல்வதா வேண்டாமா என்று கேட்டுவிடுவது. சாய்கோடுகள் உள்ள தாளும் இல்லாத தாளும் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறி மாறிக் கையில் வரப்போகிற மாணவியர், தாங்கள் பணிக்குச் சேரும் நிலையத்தில் முதல் வாரத்திலேயே விசாரித்து எழுதிவைத்துக்கொள்ள வேண்டிய எண் ஒன்று உண்டு. இரவு இரண்டு மணிக்கு வண்டி அழைத்தால் அறுவை அரங்கின் வாசலுக்குப் போய்ச் சேர எத்தனை நிமிடம் என்பதே அது. பகலில் எத்தனை என்பதைத் தனியாக எழுதிக்கொள்ளலாம்.